எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது?

கணினியில் ஓடும் ஒரு நிரலுக்குத் தேவையான எல்லாமே எப்போதும் முதன்மை நினைவகத்தில் இருப்பதில்லை. இயங்குதளம் நிரலின் நினைவகப் பரப்பைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறது. பல கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். முதன்மை நினைவகமும் அதே அளவுள்ள சட்டகங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சட்டகத்தில் ஒரு பக்கம் அமரும். நிரல் கேட்கும் பக்கம் எந்தச் சட்டகத்திலும் இல்லையென்றால் அது பேஜ் ஃபால்ட். அப்போது நிரல் நிறுத்தி வைக்கப்பட்டு, அந்தப் பக்கம் வட்டிலிருந்து கொண்டுவரப்படுகிறது. நினைவகத்தை எட்டும் நேரத்தோடு ஒப்பிட்டால் வட்டை எட்டும் நேரம் பல ஆயிரம் மடங்கு, சுழலும் வட்டாக இருந்தால் அதற்கும் மேல். ஆகவே சட்டகங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்போது யாரை வெளியேற்றிப் புதியவருக்கு இடம் தருவது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கு மூன்று விதிகள் பாடநூல்களில் அருகருகே வைக்கப்படுகின்றன. முதலில் வந்தது முதலில் வெளியேறும் என்பது ஃபிஃபோ. கடைசியாகப் பயன்பட்டு அதிக நேரம் ஆன பக்கத்தை வெளியேற்றுவது எல்.ஆர்.யூ. இனி எந்தப் பக்கம் மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ அதை வெளியேற்றுவது உகந்த முறை. ஃபிஃபோ வந்த வரிசையை மட்டும் பார்க்கிறது, எல்.ஆர்.யூ. கடந்த காலத்தைப் பார்க்கிறது, உகந்த முறை எதிர்காலத்தைப் பார்க்கிறது. இவற்றின் வேறுபாடு ஒரே கோரிக்கை வரிசையில் மூன்றையும் ஓட்டிப் பார்த்தால்தான் புலப்படும். அதற்கு மிகப் பொருத்தமான வரிசை, பன்னிரண்டே கோரிக்கைகள் கொண்டது:

```
1 2 3 4 1 2 5 1 2 3 4 5
```

இதில் ஐந்து வெவ்வேறு பக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் முதன்முறை கேட்கப்படும்போது வட்டிலிருந்து வந்தே தீர வேண்டும். எனவே எந்த விதியாலும் ஐந்து ஃபால்ட்டுக்குக் குறைய முடியாது. அதற்கு மேல் ஏற்படுபவைதான் விதியின் கணக்கில் சேரும்.

முதலில் மூன்று சட்டகங்கள். ஃபிஃபோவில் 1, 2, 3 வந்து அமர்கின்றன. 4 வரும்போது 1 வெளியேறுகிறது. அடுத்த கோரிக்கையே 1. அதற்காக 2 வெளியேறுகிறது, உடனே 2 கேட்கப்படுகிறது, அதற்காக 3 வெளியேறுகிறது. 5 வரும்போது 4 போகிறது. இப்போது உள்ளே இருப்பவை 1, 2, 5. அடுத்த இரு கோரிக்கைகளும் 1, 2 என்பதால் அவை தடையின்றி நிறைவேறுகின்றன. பிறகு 3, 4 இரண்டும் ஃபால்ட்; அவற்றுக்காக 1, 2 வெளியேறிவிட, 5 உள்ளேயே இருக்கிறது. கடைசிக் கோரிக்கை 5 தப்பிக்கிறது. மொத்தம் ஒன்பது ஃபால்ட்.

எல்.ஆர்.யூ. முதல் ஒன்பது கோரிக்கைகள் வரை ஃபிஃபோவைப் போலவே நடக்கிறது. பத்தாவது கோரிக்கையில் பாதை பிரிகிறது. 1, 2 இரண்டும் சற்று முன்புதான் பயன்பட்டவை. 5 அவற்றுக்கு முன் பயன்பட்டது. எனவே 3 வரும்போது 5 வெளியேற்றப்படுகிறது. அடுத்து 4 ஃபால்ட், கடைசியில் 5 வேண்டும் என்கிறபோது அதுவும் ஃபால்ட். மொத்தம் பத்து. பழங்கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் விதி, எதையும் கவனிக்காத ஃபிஃபோவிடம் ஒரு ஃபால்ட்டில் தோற்கிறது. அண்மையில் பயன்பட்டது மீண்டும் பயன்படும் என்ற நம்பிக்கையில்தான் எல்.ஆர்.யூ. நிற்கிறது. இந்த வரிசையின் முடிவில் 1, 2 மீண்டும் வரவே இல்லை; நம்பிக்கை பொய்த்துவிட்டது.

உகந்த முறைக்கு வரிசை முழுவதும் முன்கூட்டியே தெரியும். 4 வரும்போது அது 3 என்ற பக்கத்தை வெளியேற்றுகிறது, ஏனெனில் 1, 2 இரண்டும் உடனே வேண்டும், 3 பத்தாவது இடத்தில்தான் வேண்டும். அடுத்த 1, 2 தப்பிக்கின்றன. 5 வரும்போது 4 போகிறது. மீண்டும் 1, 2 தப்பிக்கின்றன. 3, 4 ஆகியவற்றுக்கு, இனித் தேவையே இல்லாத 1, 2 இடம் விடுகின்றன. கடைசியில் 5 உள்ளேயே இருக்கிறது. ஏழு ஃபால்ட். தவிர்க்க முடியாத ஐந்தைக் கழித்தால் உகந்த முறைக்கு இரண்டு, ஃபிஃபோவுக்கு நான்கு, எல்.ஆர்.யூ.வுக்கு ஐந்து.

இந்த வரிசையின் உண்மையான மதிப்பு நான்காவது சட்டகத்தைச் சேர்க்கும்போதுதான் தெரிகிறது. உகந்த முறையின் ஃபால்ட் ஆறாகவும் எல்.ஆர்.யூ.வின் ஃபால்ட் எட்டாகவும் குறைகின்றன. ஃபிஃபோவுக்கோ ஒன்பதிலிருந்து பத்தாக ஏறுகிறது. நினைவகம் கூடிய பின் வேலை கெடுகிறது என்பது முதலில் கணக்குப் பிழை போலத் தோன்றும், ஆனால் நடப்பதைப் பின்தொடரலாம். முதல் நான்கு பக்கங்களும் உள்ளே இருப்பதால் அடுத்த 1, 2 தப்பிக்கின்றன. ஃபிஃபோ அந்தப் பயன்பாட்டைக் குறித்துக்கொள்வதில்லை. 1 இன்னும் மிகப் பழையதாகவே வரிசையின் முனையில் நிற்கிறது. 5 வந்ததும் 1 வெளியேறுகிறது, உடனே 1 கேட்கப்படுகிறது. அதற்காக 2 போகிறது, உடனே 2 கேட்கப்படுகிறது. இப்படி 3, 4, 5 வரை ஒவ்வொன்றும் தேவைப்படுவதற்குச் சற்று முன்பே வெளியேற்றப்படுகிறது. கடைசி ஆறு கோரிக்கைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

இதற்குப் பெலாடி முரண் என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹங்கேரியில் பிறந்த லாஸ்லோ பெலாடி, 1966-ல் பக்க மாற்று விதிகளை ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார். 1969-ல் நெல்சன், ஷெட்லர் இருவருடன் சேர்ந்து இந்த முரணை எழுதினார். காரணத்தை ஏழாவது கோரிக்கை முடிந்த கணத்தில் காணலாம். மூன்று சட்டக ஃபிஃபோவில் அப்போது 1, 2, 5 உள்ளன. நான்கு சட்டக ஃபிஃபோவில் 2, 3, 4, 5. பெரிய நினைவகத்தில் சிறியதில் உள்ள 1 இல்லை. எல்.ஆர்.யூ.வில் இப்படி நேராது. மூன்று சட்டகங்களில் கடைசியாகப் பயன்பட்ட மூன்று பக்கங்கள், நான்கில் கடைசியாகப் பயன்பட்ட நான்கு. சிறிய தொகுதி எப்போதும் பெரிய தொகுதிக்குள் அடங்கும். எனவே சட்டகத்தைக் கூட்டினால் ஃபால்ட் கூட வழியில்லை. உகந்த முறைக்கும் இந்த அடக்கம் உண்டு. இத்தகைய விதிகளை அடுக்கு விதிகள் என்று வகைப்படுத்தி மேட்சன் குழுவினர் 1970-ல் விளக்கினர்.

ஆகவே மூன்று சட்டகங்களில் ஃபிஃபோ பெற்ற வெற்றியை நம்பி அதைத் தேர்ந்தெடுப்பது தவறு. பன்னிரண்டு கோரிக்கைகள் ஒரு விதியின் தன்மையைக் காட்டும், தரத்தை அளக்காது. உண்மையான நிரல்கள் ஒரு சுழற்சியில் நின்று சில பக்கங்களையே திரும்பத் திரும்பத் தொடுவதால் பெரும்பாலும் எல்.ஆர்.யூ. நன்றாக நடக்கும். அதற்கும் ஒரு கண்ணி உண்டு: மூன்று சட்டகங்களை வைத்துக்கொண்டு 1, 2, 3, 4 என்று நான்கு பக்கங்களைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் ஃபால்ட் ஆகும். பெரிய தரவுக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மீண்டும் மீண்டும் படிக்கும் நிரல்களில் இது நேர்கிறது.

உகந்த முறையை எந்த இயங்குதளத்திலும் அமைக்க முடியாது, நிரல் அடுத்து எதைக் கேட்கும் என்பது முன்பே தெரியாது. பதிவாகியுள்ள கோரிக்கை வரிசையில் பின்னர் ஓட்டி, மற்ற விதிகள் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்று அளக்கவே அது பயன்படுகிறது. எல்.ஆர்.யூ.வும் அப்படியே அமைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு நினைவகத் தொடுதலிலும் வரிசையைத் திருத்துவது கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாகப் பக்கம் தொடப்பட்டதும் வன்பொருள் அதன் பதிவில் ஒரு பிட்டை 1 ஆக்குகிறது. இடம் தேவைப்படும்போது இயங்குதளம் பக்கங்களை வட்டமாகச் சுற்றி வருகிறது. பிட் 1 என்றால் அதை 0 ஆக்கிவிட்டு நகர்கிறது. ஏற்கெனவே 0 என்றால் அந்தப் பக்கத்தை வெளியேற்றுகிறது. கடிகார முறை எனப்படும் இது, ஃபிஃபோவின் வரிசையோடு எல்.ஆர்.யூ.வின் நினைவில் ஒரே ஒரு பிட்டைச் சேர்த்த விதி.