சீர்திருத்தப் பள்ளியிலிருந்து எழுபது வயது வரை

குற்ற வழக்கில் கைதானவர்களை வயதுவாரியாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான மேற்கு நாடுகளில் ஏறத்தாழ ஒரே வடிவம்தான் வரும். பத்து வயதில் தரையோடு கிடக்கும் கோடு, பதின்மூன்றில் விறுவிறுவென்று ஏறும். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பதில் உச்சியைத் தொட்டு, இருபதுகளின் நடுவில் சரியத் தொடங்கி, நாற்பதுக்குப் பிறகு மெலிந்துபோகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே, 1831லேயே பிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளில் இதைக் கவனித்தார். அவர் கண்ட உச்சி மட்டும் சற்றுத் தள்ளி, 25 வயதுக்கு அருகில் இருந்தது.

உச்சி உயர்வதற்கு முக்கியக் காரணம், அந்த வயதில் குற்றத்தில் புதிதாகக் கைவைப்பவர்கள் ஏராளம் என்பதே. ஒவ்வொரு ஆளும் முன்பைவிடப் பல மடங்கு தப்பு செய்கிறார் என்று இதைப் படித்துவிடக் கூடாது. உளவியலாளர் டெரி மாஃபிட் 1993இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். உடல் பெரியவனாகிவிடுகிறது, சம்பளமோ, சொந்தத் தீர்மானமோ, மதிப்போ கைக்கு வர இன்னும் சில வருடம் ஆகும். அந்த இடைவெளியில், தடையை மீறுகிறவன் பெரியவனாகத் தெரிகிறான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் செய்கிறார்கள்.

கூட்டாளிகளின் பங்கை உளவியலாளர்கள் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் சோதித்தார்கள். கணினித் திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிகிறது: நிறுத்துவதா, போய்விடுவதா? நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது வளரிளம் பருவத்தினர், தனியாக ஆடியதைவிடக் கூடுதலாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அதற்காக மூளை வளர்ச்சி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் எல்லா ஊரிலும் உச்சி ஒரே வயதில் விழ வேண்டுமே! தைவானின் கைதுக் கணக்கில் அமெரிக்காவைப் போல பதின்பருவ உச்சி இல்லை. அங்கே உச்சி தாமதமாக வருகிறது, இறக்கமும் மெதுவாக இருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பெரிய புதிர். அதற்கு நம்மிடம் உள்ள நல்ல சாட்சி பாஸ்டனிலிருந்து வருகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஷெல்டன், எலினார் க்ளூக் தம்பதியர், மாசசூசெட்ஸ் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 சிறுவர்களை 1940 வாக்கில் ஆராயத் தொடங்கி, அவர்கள் 32 வயதைத் தொடும்வரை பின்தொடர்ந்தார்கள். பிறகு அந்தத் தாள்கள் அட்டைப்பெட்டிகளில் நூலக நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தன. 1980களில் குற்றவியலாளர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் அவற்றை எடுத்துத் தூசி தட்டினார்கள். பின்னர் காவல் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் தேடி, அந்த 500 பேரின் கதையை எழுபது வயது வரை நீட்டினார்கள். அவர்களில் 52 பேரைத் தேடிப் பிடித்து நேரில் பேசினார்கள்.

வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியாகவே இருக்கும் சிறு கூட்டம் ஒன்று உண்டு, அதைச் சிறுவயதிலேயே அடையாளம் காணலாம் என்பது மாஃபிட்டின் கருத்து. சாம்ப்சனும் லாபும் குடும்பம், குணம், அறிவுத்திறன் என்று சிறுவயதுக் குறிகளை வைத்து, ஆபத்து மிகுந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் செய்த குற்றங்களின் எண்ணிக்கை கூடுதல்தான். ஆனால் அவர்களின் கோடும் மற்றவர்களுடையதைப் போலவே இறங்கியது. சிறையில் கழிந்த நாட்களையும் நடுவில் இறந்துபோனவர்களையும் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த இறக்கம் மறையவில்லை. யார் எப்போது நிறுத்துவார் என்பதைப் சிறுவயதுக் குறிப்புகள் சொல்லவில்லை.

வேலை, இராணுவச் சேவை, திருமணம் ஆகியவைதான் திருப்பங்களாக வந்தன. நல்லவனாக மாறியவனுக்குத்தான் பெண் கிடைத்திருப்பாள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்காகவே சாம்ப்சனும் லாபும் ஒரே மனிதரின் வருடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். மணவாழ்வில் இருந்த காலத்தில் அவர் குற்றம் செய்யும் வாய்ப்பு, அவரே மனைவி இல்லாமல் இருந்த காலத்தைவிட ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு. திருந்த வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டவர்கள் குறைவு. மாலையில் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, பழைய கூட்டாளிகளின் தெருமுனை கைவிட்டுப் போனது. அப்படியே பலர் விலகிவிட்டார்கள்.

ஆனால் இந்த 500 பேரும் வெள்ளையின ஆண்கள். அவர்கள் வேலை தேடிய காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா. படிப்பு குறைந்த, சிறை சென்று வந்த இளைஞனையும் தொழிற்சாலை சேர்த்துக்கொண்டது. அந்த வேலைகள் பின்னர் அங்கே அருகிப்போயின. இன்று பாஸ்டனில் அதே பின்னணியோடு வளரும் பையனுக்கும் கோடு அதே வேகத்தில் இறங்குமா என்பதை இந்தத் தரவு சொல்லாது.