ராத்திரி குடைச்சல், காலையில் ஓட்டம்

இரவு 11.30 மணி. அசந்து தூங்கிக்கொண்டிருந்த 4 வயதுப் பெண் குழந்தை திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு அழுகிறாள். "எங்கடா வலிக்குது?" என்று அம்மா கேட்டால் கெண்டைக்காலைத் தொடுகிறாள், அப்புறம் தொடையை, அப்புறம் முழங்காலுக்குப் பின்னால். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, கடித்த தடம்கூட இல்லை. அம்மா மடியில் காலைத் தூக்கி வைத்துப் பிடித்துவிடுகிறார். "வளர்ற புள்ளைக்கு எலும்பு நீளுது, வலிக்கத்தான் செய்யும்" என்கிறார் பாட்டி. அரை மணி நேரத்தில் குழந்தை அப்படியே தூங்கிப்போகிறாள்.

விடிந்ததும் வேறு கதை. 7 மணிக்கு எழுந்தவள் கட்டிலிலிருந்து குதிக்கிறாள், மாடிப்படியில் ஏறி இறங்குகிறாள். ராத்திரி அழுததே அவளுக்கு நினைவில்லை. "எல்லாம் நடிப்பா?" என்று அப்பாவுக்குச் சந்தேகம். நாலு நாள் கழித்து, அதே நேரத்தில் அதே அழுகை.

நடிப்பு இல்லை, வலி நிஜம்தான். மருத்துவர்கள் இதற்கு 'வளர்ச்சி வலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 3 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு 2004-ல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குழந்தைகளுக்கு இது இருந்தது. ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், பத்துப் பேர் வீட்டிலாவது ராத்திரியில் யாரோ கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர்தான் சரியில்லை. 1823-ல் துஷாம்ப் என்ற பிரெஞ்சு மருத்துவர் வளர்ச்சியோடு சேர்த்து இதைப் பற்றி எழுதினார். இருநூறு வருடமாகியும் அந்தப் பெயர் விடவில்லை. பிறந்த முதல் வருடத்தில் குழந்தை 25 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. 4 வயதில் வருடத்துக்கு 6, 7 சென்டிமீட்டர்தான். வளர்வதால் வலிக்கும் என்றால் கைக்குழந்தைகள்தான் அதிகம் துடிக்க வேண்டும். அதோடு, கால் எலும்பு வேகமாக நீளும் இடம் முழங்கால் மூட்டை ஒட்டியிருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பதோ பெரும்பாலும் தொடையிலும் கெண்டைச்சதையிலும். பாட்டி சொன்னதில் ஆறுதல் உண்டு, காரணம் இல்லை.

பின் எதனால்தான் வருகிறது? உறுதியான ஒரே பதில் இன்னும் கிடைக்கவில்லை. பகலெல்லாம் ஓடிக் குதித்ததில் கால் சதைக்கும் எலும்புக்கும் ஏறிய களைப்பு என்பது ஒரு விளக்கம். பூங்காவுக்கோ திருவிழாவுக்கோ போய்வந்த அன்று ராத்திரி வலி வருவதைப் பல பெற்றோர் கவனித்திருப்பார்கள். இந்தக் குழந்தைகளுக்கு வலியை உணரும் அளவுகோலே கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது என்பது இன்னொரு விளக்கம். சில குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இதே குடைச்சல் இருந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ 'இதுதான் வளர்ச்சி வலி' என்று எழுதி வராது. வலியின் நடத்தையை வைத்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். இரண்டு காலிலும் வரும். ஒரு நாள் ஒரு காலில் வந்தாலும் அடுத்த முறை மற்றதில் வரும். சாயங்காலமோ ராத்திரியோ வரும், தினமும் வராது. மூட்டில் இல்லாமல் சதையில் இருக்கும். இதில் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இரண்டு: குழந்தை கையை என்ன செய்கிறது, காலையில் எப்படி நடக்கிறது.

முதலில் கை. வளர்ச்சி வலி உள்ள குழந்தை பிடித்துவிடச் சொல்லிக் கேட்கும், அழுத்தினால் சுகமாக இருக்கும், கையை எடுத்தால் "இன்னும்" என்று சிணுங்கும். எலும்பிலோ மூட்டிலோ நோய் இருக்கும் குழந்தை அந்த இடத்தைத் தொடவிடாது, கையைத் தட்டிவிடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் குழந்தை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இதுதான்.

அடுத்தது காலை. மேலே சொன்ன பெண் குழந்தை எழுந்ததும் குதித்தாளே, அதுதான் முக்கியமான தடயம். அதே வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் "முட்டி வலிக்குது" என்றுதான் புகார். ஆனால் எப்போதும் வலது முட்டிதான். காலையில் பல் தேய்க்கப் போகும்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைக்கிறான். மத்தியானத்துக்குள் சரியாகிவிடுவதுபோல் இருக்கும், விளையாடிவிட்டு வந்தால் மறுபடி நொண்டுவான். 'எங்கேயோ விழுந்திருப்பான்' என்று இரண்டு வாரம் ஓடிவிடும். சுளுக்கு வழிப்பவரிடம் காட்டி முட்டியை நன்றாக உருவியும் இருப்பார்கள்.

இவனை மருத்துவர் படுக்கவைத்து முட்டியைப் பார்த்துவிட்டு விட்டுவிடமாட்டார், இடுப்பையும் சுழற்றிப் பார்ப்பார். இடுப்பு மூட்டின் வலியைக் குழந்தைகள் முழங்காலில் உணர்வார்கள். இரண்டு மூட்டுக்கும் போகும் நரம்புகள் பொது. இடுப்பு உள்பக்கமாகச் சுழல மறுத்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, அந்தத் தலை நொறுங்கும் 'பெர்த்திஸ்' நோய் 4 முதல் 8 வயதில், பெண்களைவிடப் பையன்களுக்கே அதிகம் வருகிறது. அதை வளர்ச்சி வலி என்று எண்ணிக் காத்திருந்தால், உருண்டையாக இருக்க வேண்டிய எலும்புத் தலை தட்டையாகி, பிற்காலத்தில் இடுப்பு தேய வழியாகிவிடும்.

காலையில் முழங்கால் விறைத்து, அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இளகுகிறது, தொட்டால் லேசாக வீங்கிச் சூடாக இருக்கிறது என்றால் அது குழந்தைகளுக்கு வரும் மூட்டு வாதமாக இருக்கலாம். இதில் ஒரு விசித்திரம்: வலி அதிகம் இராது, குழந்தை அழவும் அழாது. மடியிலிருந்து இறங்க மறுக்கும், தூக்கச் சொல்லும், அவ்வளவுதான். இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணையும் தாக்கும் என்பதால் கண் மருத்துவரிடமும் காட்டச் சொல்வார்கள்.

பெற்றோர் மனதில் இருந்தும் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது ரத்தப் புற்றுநோய் பற்றி. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் பொதுவான வகை 2 முதல் 5 வயதில்தான் உச்சத்தில் இருக்கிறது. சிலருக்குக் கால் எலும்பு வலியே முதல் அறிகுறி. ஆனால் அது பெரும்பாலும் தனியாக வராது. முகம் வெளுக்கும், காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், காரணமில்லாமல் தோலில் கன்றிய தடங்கள் தெரியும், எடை குறையும், கழுத்தில் நெறி கட்டும். பகலிலும் வலிக்கும், குழந்தை விளையாட்டையே நிறுத்திவிடும். வாரத்தில் இரண்டு ராத்திரி அழுதுவிட்டு மறுநாள் காலை தெருவைச் சுற்றி ஓடும் பிள்ளைக்கு இந்தப் பயம் தேவையில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். கால் வலிக்கு என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வலியை அடக்கும், ரத்தப் புற்றுநோய் அணுக்களையும் கொஞ்ச நாள் மறைத்துவிடும். பிறகு நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையும் சிக்கலாகிவிடும்.

சரி, எப்போது எவ்வளவு அவசரம்? காய்ச்சலோடு கால் வலி வந்து, குழந்தை காலை ஊன்றவே மறுத்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டிலோ எலும்பிலோ கிருமி புகுந்திருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் மூட்டைக் கெடுக்கும். ஃப்ளூ காய்ச்சல் விட்ட இரண்டொரு நாளில் கெண்டைச்சதை கட்டிக்கொண்டு, குழந்தை குதிகால் ஊன்றாமல் நடந்தால் அது பெரும்பாலும் வைரஸால் வரும் சதை அழற்சி, தானாகச் சரியாகும். ஆனால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் உடனே காட்ட வேண்டும். காலையில் நொண்டல், மூட்டு வீக்கம், எப்போதும் ஒரே இடத்தில் வலி, பகலிலும் வலி, வெளுப்பு, எடைக் குறைவு, முதுகு வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை தள்ளாமல் குழந்தை மருத்துவரிடம் போவது நல்லது.

இவை எதுவும் இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றாலும் ஒருமுறை காட்டிவிடலாம். போகும்போது எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கால், எவ்வளவு நேரம், மறுநாள் நடை எப்படி என்று இரண்டு வாரக் குறிப்பு எடுத்துப் போங்கள். காலை நடையை மொபைலில் அரை நிமிடம் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நொண்டிய பிள்ளை மருத்துவர் அறைக்குள் ராஜநடை போடும். அவர் நடக்கவிட்டு, குந்தவைத்து, மூட்டுகளை மடக்கிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் பரிசோதனை எதுவும் தேவைப்படாமல் போகலாம். "கால்சியம் சிரப் எழுதுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் இந்த வலி நிற்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வைட்டமின் டி குறைவு இருப்பது தெரிந்தால் அதற்கு மருந்து வேறு.

வலி வந்த ராத்திரியில் வேண்டியது இதமான கை. உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, கெண்டைச்சதையை மேல்நோக்கி மெதுவாகப் பிடித்துவிடலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் உங்கள் முன்கையில் சோதித்துவிட்டு வையுங்கள். படுக்கும் முன் கால் சதையை நீட்டி மடக்கும் பயிற்சியும் உதவலாம். 1988-ல் கனடாவில் நடந்த ஒரு சிறு ஆய்வில், பெற்றோர் காலையும் மாலையும் இதைச் செய்துவிட்ட குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட வேகமாக வலி குறைந்தது. 34 குழந்தைகள்தான் அதில் இருந்தார்கள் என்பதால் அடித்துச் சொல்ல முடியாது, செய்து பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

அதற்கும் அடங்காவிட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். தப்பு நடப்பது இங்கேதான். கணக்கு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 16 கிலோ குழந்தைக்கு 160 முதல் 240 மில்லிகிராம் வரை. கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் உண்டு, 250 என்றும் உண்டு. முதலாவதில் 8 மில்லி சரியான அளவு. இரண்டாவதில் 4 மில்லியே போதும். பாட்டிலை மாற்றியது தெரியாமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் இல்லாமல் எந்த ராத்திரியும் கழியவில்லை என்ற நிலை வந்தால், அது மருத்துவரிடம் போக இன்னொரு காரணம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு வருடத்தில், சிலருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக, வலி தானாகவே விட்டுப்போகும். காலில் எந்தக் குறையும் வைக்காது. இன்று ராத்திரி உங்கள் வீட்டில் அந்த அழுகை கேட்டால் பிடித்துவிட்டுத் தூங்கவையுங்கள். காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாமல், தானாகக் கட்டிலிலிருந்து இறங்கி வாசல்வரை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள்.