பழைய போனை அழிக்கும் முன்

சிம்மைப் புது போனுக்கு மாற்றினால் ஓடிபி தானாக வந்துவிடும். ஆனால் கூகுள் ஆதென்டிகேட்டர் காட்டும் 6 இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வருவதல்ல. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ரகசியச் சாவி போனுக்குள் இருக்கிறது. அதையும் நேரத்தையும் சேர்த்து, 30 விநாடிக்கு ஒரு எண்ணை ஆப்பே கணக்கிடுகிறது. வேறெங்கும் பிரதி இல்லாத நிலையில் போனை ரீசெட் செய்தால் அந்தச் சாவியும் போய்விடும்.

பழைய போனில் ஆப்பின் மெனுவைத் திறந்து Transfer accounts, பிறகு Export accounts என்று போங்கள். வேண்டிய கணக்குகளைத் தேர்ந்தெடுத்தால் கியூஆர் கோடு வரும். கணக்குகள் நிறைய இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் வரும். பலர் முதலாவதை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். புது போனில் Import accounts வழியாக எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கோட்டுக்குள் சாவிகளே இருப்பதால் அதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது.

இப்போது இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒரே எண் தெரிய வேண்டும். வேறுபட்டால் முதலில் இரு போன்களின் நேரத்தையும் தானியங்கி அமைப்புக்கு மாற்றுங்கள். அடுத்து, கணினியில் ஒவ்வொரு கணக்கிலும் வெளியேறி, புது போனின் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்து பாருங்கள். எல்லாம் திறந்த பிறகே பழைய போனை ரீசெட் செய்யுங்கள்.