சக ஊழியருக்கு ஓர் ஓண வாழ்த்து

ஆவணியையொட்டி வரும் மலையாள மாதம் சிங்ஙம். அதில் அத்தம் நட்சத்திரத்தன்று வீட்டு முற்றத்தில் பூக்களம் தொடங்கும். திருவோணத்தன்று பெரிய ஓணம். பக்கத்து மேசையில் இருக்கும் கேரளத்து நண்பருக்கு அன்று 'ஓணாசம்சகள்' என்று சொன்னாலே போதும். ஓணமும் ஆசம்சையும், அதாவது வாழ்த்தும், சேர்ந்த சொல் அது.

கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசையா? இப்படிச் சொல்லலாம்: 'சாறினும் குடும்பத்தினும் ஐஸ்வர்யவும் சம்ருத்தியும் நிறஞ்ஞ ஓணாசம்சகள்.' 'நிறஞ்ஞ' என்பது நம் 'நிறைந்த'தான். சம்ருத்தி என்றால் குறைவில்லாத வளம். ஓணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மாவேலி மன்னன் ஆண்ட காலத்தின் செழிப்பை நினைத்துத்தானே மக்கள் அவரை ஆண்டுதோறும் வரவேற்கிறார்கள்!

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் வேற்றுமை உருபு. தமிழ்ப் பழக்கத்தில் 'சாறுக்கும் குடும்பத்துக்கும்' என்று வாய் போகும். மலையாளத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் 'இனு' என்ற உருபுதான் வரும். மூத்த பெண் ஊழியரானால் 'சேச்சிக்கும் குடும்பத்தினும்'. அங்கே மட்டும் நம் 'க்கு' அப்படியே நிற்கும்.

'நிங்ஙள்' நமக்கு 'நீங்கள்' போலத் தோன்றும். ஆனால் மூத்தவர்களிடம் அது பலர் காதில் மரியாதைக் குறைவாக விழும். ஆகவே சாறு, சேட்டன், சேச்சி என்று உறவோ பதவியோ சொல்லியே வாழ்த்துங்கள்.