இருட்டைச் செருகினால் ஓட்டம் தெளியும்

சோனிக் மேனியாவை நல்ல ஓஎல்இடி டிவியில் போட்டு, சோனிக்கை ஓட விடாமல் ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். புல், பூ, பாறை எல்லாம் செதுக்கி வைத்தது போல இருக்கும். ஓடத் தொடங்கியதும் பின்னணி முழுக்க ஈரத் துணியால் இழுத்துத் துடைத்தது போல ஆகிவிடும். டியூப் டிவியில் இதே வகை விளையாட்டை ஆடியவர்களுக்கு இது உடனே கண்ணில் படும். அந்தப் பெட்டியில் படம் கரடுமுரடாகத்தான் இருந்தது, ஆனால் ஓட்டத்தில் கலங்கவில்லை.

டிவி பெட்டியின் மேல் 0.1 மில்லி செகண்ட் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்று அச்சிட்டிருந்தாலும் இந்த இழுவை போகாது. காரணம் திரையின் வேகத்தில் இல்லை; நம் கண்ணில் இருக்கிறது. விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லி செகண்ட் திரையில் அப்படியே நிற்கிறது. ஓடும் பொருளைத் தொடரும் கண்ணோ நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. நிற்கும் படத்தின் மேல் நகரும் கண் போனால், விழித்திரையில் அந்தப் படம் கோடாகத் தேய்கிறது. 1920 பிக்சல் அகலத் திரையைப் பின்னணி 2 விநாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 960 பிக்சல், அதாவது ஒரு பிரேமுக்கு 16 பிக்சல். அந்த 16 பிக்சல் அகலத்துக்குத்தான் ஒவ்வொரு பூவின் ஓரமும் தேய்கிறது. டியூப் டிவியில் பாஸ்பர் புள்ளி ஓரிரு மில்லி செகண்டில் மின்னி அணைந்துவிடும். மீதி நேரம் அந்த இடம் கறுப்பு. தேய்வதற்கு அங்கே நேரமே இல்லை.

கறுப்பு பிரேம் செருகலும் பேக்லைட் ஸ்ட்ரோபும் இந்த அணைப்பைத்தான் புதிய திரைக்குத் திரும்பக் கொண்டுவருகின்றன. ஓஎல்இடியில் பிக்சலையே பாதி நேரம் அணைத்துவிடுகிறார்கள். எல்சிடியில் பிக்சல் தானாக ஒளிர்வதில்லை என்பதால், பின்னால் இருக்கும் விளக்கைக் கண நேரம் பளிச்சிட்டு அணைக்கிறார்கள். எல்ஜியின் சில டிவிகளில் இது OLED Motion Pro என்ற பெயரில் இருக்கும். சாம்சங்கில் LED Clear Motion, சோனியில் Clearness. பாதி நேரம் அணைத்தால் நம் கணக்கில் 16 பிக்சல் தேய்மானம் 8 ஆகிறது. 2 மில்லி செகண்ட் மட்டும் ஒளிரவிட்டால் ஏறக்குறைய 2 பிக்சல். பூ பூவாகவே ஓடும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையில் முதலாவது வெளிச்சம். இதைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை: பாதி நேரம் அணைந்த திரை பாதி ஒளியைத்தான் தரும். 700 நிட் உச்சம் கொடுக்கும் டிவி 350-க்கு இறங்கும். எல்சிடியில் கொஞ்சம் ஈடுகட்ட வழியுண்டு. பளிச்சிடும் அந்தக் கணத்தில் விளக்குக்குக் கூடுதல் மின்சாரம் கொடுக்கலாம். ஓஎல்இடிக்கு அந்தத் தெம்பு குறைவு. முழுத் திரையும் வெள்ளையாகும்போது அது ஏற்கெனவே தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் சாதனம். பகலில் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் இந்த இழப்பு கண்ணில் குத்தும். எச்டிஆர் கேமில் சூரியனும் தீப்பிழம்பும் மற்றதோடு மற்றதாக மங்கிப் போகும். வெளிச்சத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லை துடிப்பு. 60 முறை அணைந்து எரியும் வெள்ளைத் திரை கடைக்கண்ணில் படபடக்கும். சிலருக்கு அரை மணியில் தலைவலியே வந்துவிடும். அப்படி வந்தால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள், அணைத்துவிடுங்கள்.

தாமதம் வருகிற வழி இதைவிடச் சுவாரசியமானது. கன்சோல் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக அனுப்புகிறது. ஒரு பிரேம் முழுதாக வந்து சேர ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட் ஆகும். சாதாரண நிலையில், வந்த வரியை டிவி உடனே காட்டத் தொடங்கிவிடும். எல்சிடி ஸ்ட்ரோபில் அது முடியாது. திரை முழுதும் எழுதி முடியும்வரை விளக்கு இருட்டில் காத்திருக்க வேண்டும், பிறகுதான் பளிச். மேல் வரி கிட்டத்தட்ட ஒரு முழு பிரேம் காத்திருக்கிறது, நடு வரி அதில் பாதி, கீழ் வரி அநேகமாகக் காத்திருப்பதே இல்லை. நடுத்திரையில் வைத்துப் பார்த்தால் கூடுதல் சுமார் 8 மில்லி செகண்ட். கடைசியாக எழுதப்பட்ட கீழ் வரிகளில் பிக்சல் முழுதாக மாறி முடிவதற்குள் விளக்கு எரிந்துவிட்டால், அங்கே முந்தைய பிரேமின் ஆவி ஒன்று தெரியும். நடுவில் தெளிவாகவும் மேலோ கீழோ இரட்டையாகவும் தெரிந்தால் கோளாறு இதுதான்.

ஓஎல்இடியில் இரண்டு வகை உண்டு. முழுப் படம், முழுக் கறுப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டும் வகையில், 16.7 மில்லி செகண்டில் வரும் படத்தை அதில் பாதி நேரத்தில் திரையில் ஓட்டியாக வேண்டும். எனவே டிவி முதல் பாதியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் தொடங்க முடியும். இன்னொரு வகையில் ஒளிரும் வரிக்குப் பின்னாலேயே ஒரு கறுப்புப் பட்டை துரத்திக்கொண்டு இறங்கும். அங்கே காத்திருப்புக்கு அடிப்படைக் காரணம் எதுவும் இல்லை. தாமதம் தெரிந்தால் டிவியின் உள்வேலைதான் அதைக் கூட்டுகிறது.

வெளிச்சமும் தாமதமும் கொடுத்த பிறகும் பலன் இல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. 30 பிரேம் கேமை 60 முறை ஸ்ட்ரோப் செய்தால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு முறை மின்னும். கண் இடையில் நகர்ந்திருப்பதால் ஓடும் மனிதன் பக்கத்தில் இன்னொரு மனிதன் தெரிவான். பிலிம் புரொஜெக்டர் காலத்தில் தியேட்டரிலும் இது நடந்தது: துடிப்பைக் குறைக்க, சுழலும் ஷட்டர் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறையாவது காட்டும், கேமரா வேகமாகத் திரும்பும் காட்சியில் கம்பங்கள் இரட்டிக்கும். எனவே மின்னும் எண்ணிக்கையும் பிரேம் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் இது வேலை செய்யும். 60-லிருந்து அடிக்கடி 50-க்குச் சறுக்கும் கேமிலும் இது உதவாது. விஆர்ஆர் போட்டால் மின்னும் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும், வெளிச்சமும் கூடவே ஏறி இறங்கும். அதனால்தான் பெரும்பாலான டிவிகள் இரண்டையும் சேர்த்து அனுமதிப்பதில்லை.

உங்கள் டிவியில் இது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். அறையை இருட்டாக்கி, திரையில் வெள்ளைப் படம் ஒன்றை வைத்து, அதன் முன்னால் பென்சிலை விசிறி போல ஆட்டுங்கள். ஸ்ட்ரோப் இல்லாத திரையில் மங்கிய ஒரே நிழல் தெரியும். ஸ்ட்ரோப் இருந்தால் தனித்தனிப் பென்சில்களாக எண்ணலாம்.

தாமதத்துக்கு போனின் ஸ்லோமோஷன் கேமரா. விநாடிக்கு 240 பிரேமில் எடுத்தால் ஒரு பிரேம் 4.2 மில்லி செகண்ட். கன்ட்ரோலரும் திரையும் ஒரே காட்சியில் விழும்படி வைத்து, தாவும் பட்டனை அழுத்தி, விரல் இறங்கிய பிரேமிலிருந்து சோனிக் எழும் பிரேம்வரை எண்ணுங்கள். ஒருமுறை எண்ணியதை நம்ப வேண்டாம். அமைப்பை இயக்கி 10 முறை, அணைத்து 10 முறை எடுத்துச் சராசரி பாருங்கள். இரண்டு பிரேம் வித்தியாசம் என்றால் 8 மில்லி செகண்ட். ஓட்ட விளையாட்டில் நான் அதைப் பொறுத்துக்கொள்வேன். நான்கு பிரேம் என்றால் ஒரு முழு கேம் பிரேமே போயிற்று. சண்டை விளையாட்டுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன்.

கேமிலேயே 120 பிரேம் அமைப்பு இருந்தால், ஃபோர்ட்நைட்டுக்கு பிஎஸ்5-இல் இருப்பது போல, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரேம் நிற்பது 8.3 மில்லி செகண்ட்தான். 60-இல் பாதி கறுப்பு கொடுத்து வாங்கிய அதே தெளிவு அங்கே வெளிச்சம் குறையாமல் வருகிறது, தாமதமும் இறங்குகிறது. அதற்கு மேலும் தெளிவு வேண்டுமென்றால் 120-லும் கறுப்பு செருகும் டிவி வேண்டும். எல்ஜி 2020-இன் சிஎக்ஸிலும் 2021-இன் சி1-லும் அந்த வசதியைக் கொடுத்தது. 2022-இன் சி2-வில் எடுத்துவிட்டது. பழைய சி1 ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வந்தால் இதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.