சிம் கார்டுக்கும் ஒரு பூட்டு

திருடு போன செல்போனைவிட, அதனுள் இருக்கும் சிம் கார்டுதான் விவசாயிக்கு அதிக நஷ்டம் உண்டாக்கக் கூடியது. பேங்க் கணக்கு, ஆதார், பயிர்க் கடன், பி.எம். கிசான் உதவித் தொகை ஆகிய எல்லாவற்றிலும் ஒரே செல் நம்பரைத்தான் பதிந்து வைத்திருக்கிறோம். ஓ.டி.பி. என்னும் ரகசிய எண் வருவதும் அந்த நம்பருக்குத்தான். போனுக்கு விரல் ரேகைப் பூட்டு போட்டிருந்தாலும், திருடியவன் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுக்கொண்டால் அந்த எண் அவன் கைக்குப் போய்விடும். போனின் பூட்டு சிம்மைக் காப்பதில்லை. சிம்முக்கு என்று தனியாக ஒரு பூட்டு உண்டு. அதற்கு 'பின்' எண் என்று பெயர். 4 முதல் 8 இலக்கம் வரை வைத்துக்கொள்ளலாம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இந்தப் பூட்டு போனில் இல்லை. சிம் கார்டின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. போனை அணைத்துப் போடும்போதும், சிம்மைக் கழற்றி வேறு போனில் செருகும்போதும் அது பின் எண்ணைக் கேட்கும். சரியான எண்ணைக் கொடுக்காதவரை அந்தச் சிம்மில் அழைப்பு வராது, போகாது; குறுஞ்செய்தியும் வராது. 112 என்ற அவசர எண்ணை மட்டும் அழைக்கலாம்.

பூட்டு போடும் முறை

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்று. பூட்டை இயக்கும்போது போன் ஒரு எண்ணைக் கேட்கும். நாம் புதிதாக வைக்க விரும்பும் எண்ணை அங்கே போடக் கூடாது. கம்பெனி ஏற்கெனவே வைத்திருக்கும் பழைய பின் எண்ணைத்தான் போட வேண்டும். பலரும் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். பழைய எண் சிம் வாங்கியபோது கொடுத்த பிளாஸ்டிக் அட்டையில் இருக்கலாம். இல்லாவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தோ, கடையில் கேட்டோ தெரிந்துகொள்ளவும். ஊகித்துப் போட வேண்டாம்; தவறான ஒவ்வொரு முயற்சியும் கணக்கில் சேரும்.

ஆண்ட்ராய்டு போனில் Settings சென்று Security பகுதியில் SIM card lock என்பதைத் தேடவும். சில போன்களில் இது More security settings என்பதற்குள் இருக்கும். Lock SIM card என்பதை இயக்கிப் பழைய எண்ணைக் கொடுக்கவும். பிறகு Change SIM PIN என்பதைத் தொட்டு, மறுபடியும் பழைய எண்ணைக் கொடுத்து, சொந்த எண்ணை இருமுறை பதியவும். இரண்டு சிம் உள்ள போனில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

பட்டன் போனிலும் செட்டிங்ஸ் பகுதியில் பாதுகாப்பு என்னும் தலைப்பின் கீழ் பின் கேட்கும் வசதி இருக்கும். அதை இயக்கிய பின், எண்ணை மாற்றுவதற்கு டயல் செய்யும் இடத்தில் கீழ்க்கண்டவாறு அழுத்தலாம். இதில் 1234 பழைய எண், 7305 புதிய எண் என்று கொள்க.

```
**04*1234*7305*7305#
```

பிறந்த வருடம், வண்டி நம்பர், 1234, 0000 ஆகியவை வேண்டாம். முடித்ததும் போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, பின் எண் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

தவறான எண்ணைப் போட்டால்?

ஒரு விவசாயி மஞ்சள் மண்டியில் போனைப் பறிகொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவன் சிம்மைத் தன் போனில் போடுகிறான். பின் எண் கேட்கிறது. 0000 என்று போடுகிறான். இன்னும் இரண்டு முயற்சிதான் பாக்கி என்று திரையில் வருகிறது. 1234 போடுகிறான், ஒன்றுதான் பாக்கி. 1111 போடுகிறான், பின் எண் அடைபட்டுவிடுகிறது. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. அவனுக்குக் கிடைத்தது மூன்றே மூன்று வாய்ப்பு. போனை அணைத்துப் போட்டாலும், வேறு போனில் செருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. கணக்கு எழுதப்படுவது சிம்மின் சில்லில். சரியான எண்ணைப் போட்டால்தான் மீண்டும் மூன்று வாய்ப்பு கிடைக்கும்.

அடுத்தபடியாகச் சிம் கேட்பது 'பியூகே' எண். இது 8 இலக்கம் கொண்டது. கம்பெனி வைத்தது, நாம் மாற்ற முடியாது. இதற்குப் பத்து வாய்ப்பு. மொத்தம் 10 கோடி எண்களில் பத்தை மட்டும் சோதிக்கலாம். பத்தும் தவறினால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். கம்பெனியாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது.

நாமே மறந்து போய், அல்லது வீட்டுக் குழந்தை விளையாட்டாக அழுத்தி, மூன்று முறை தவறிவிட்டால் பயப்பட வேண்டாம். அதோடு நிறுத்திவிடவும். வாடிக்கையாளர் சேவைக்கு வேறு போனில் பேசி, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய விவரங்களைச் சொன்னால் பியூகே எண் கிடைக்கும். திரை கேட்கும் இடத்தில் அதையும், புதிய பின் எண்ணையும் பதிந்தால் போதும். 48261937 என்பது பியூகே எண்ணானால் இப்படியும் அழுத்தலாம்.

```
**05*48261937*7305*7305#
```

சிம் செத்துவிட்டாலும் நம்பர் போய்விடாது. அடையாளச் சான்று காட்டி அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கலாம். சிம்மிலேயே சேமித்த பெயர்களும் எண்களும் மட்டும் போய்விடும். பியூகே எண் உள்ள அட்டையைப் பர்சில் வைக்காமல், வீட்டில் பத்திரத்தோடு வைப்பது நல்லது.

பம்ப்செட் சிம்முக்கு வேண்டாம்

செல்போன் மூலம் மோட்டார் ஓடவிடும் ஸ்டார்ட்டரில் உள்ள சிம்முக்கு இந்தப் பூட்டு பொருந்தாது. ஸ்டார்ட்டருக்குப் பின் எண்ணை அழுத்தத் தெரியாது. கரண்ட் போய் வந்து கருவி மீண்டும் உயிர் பெறும்போது, சிம் பூட்டிய நிலையிலேயே நிற்கும். மோட்டார் நம் அழைப்புக்கு ஓடாது. ஆகவே அதற்குத் தனிச் சிம் வாங்கி, பூட்டில்லாமல் போடவும். பேங்க், ஆதார் ஆகியவற்றில் பதிந்த நம்பரை மோட்டார் கொட்டகையில் வைக்க வேண்டாம்.

பூட்டின் எல்லை

ஓடிக்கொண்டிருக்கும் போனை அப்படியே எடுத்துப் போனால் பின் எண் கேட்காது. எனவே போனுக்குத் திரைப் பூட்டும் அவசியம். குறுஞ்செய்தி பூட்டிய திரையிலேயே தெரியாதபடியும் செய்துகொள்ளவும். நம் பெயரில் ஏமாற்றி டூப்ளிகேட் சிம் வாங்குவதையும் இந்தப் பூட்டு தடுக்காது. போன் தானாக அணைந்து மீண்டும் இயங்கினால், எண்ணைப் போடும்வரை நமக்கும் அழைப்பு வராது. காலையில் ஒருமுறை திரையைப் பார்ப்பது நல்லது.

போன் தொலைந்தால், பூட்டு இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உடனே கம்பெனிக்குச் சொல்லிச் சிம்மை நிறுத்த வேண்டும். பேங்குக்கும் தெரிவிக்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்ய வேண்டும். பின் எண்ணின் உதவி, இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை சிம்மை அடுத்தவன் பயன்படுத்தாமல் நிறுத்தி வைப்பதுதான்.