தலைவரை மாற்றுவதா, சூழலை மாற்றுவதா?

மேலாண்மைத் தேர்வில் தலைமைத்துவம் பற்றிக் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் எதேச்சதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை என்ற மூன்று பாணிகளோடு தொடங்குகிறார்கள். குர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் அயோவாவில் சிறுவர் குழுக்களை வைத்து நடத்தி, 1939இல் வெளியிட்ட ஆய்வில் வந்த பிரிவு இது. எதேச்சதிகாரத் தலைவர் வெளியே போனதும் சிறுவர்கள் வேலையைக் கைவிட்டார்கள். ஜனநாயகக் குழுவில் வேலை தொடர்ந்தது. அப்படியானால் ஜனநாயகப் பாணிதான் எப்போதும் சிறந்ததா? இல்லை, அது சூழலைப் பொறுத்தது என்று பதில் சொல்ல வந்தவைதான் சூழல்சார் கோட்பாடுகள். அவற்றில் அதிகம் கேட்கப்படும் நான்கும் கீழே:

| கோட்பாடு | சூழலில் எதைப் பார்ப்பது? | பாணிகள் | தலைவர் பாணியை மாற்றுவாரா? |
|---|---|---|---|
| ஃபீட்லர் (1967) | உறவு, வேலையின் தெளிவு, பதவி அதிகாரம் | பணி நாட்டம், உறவு நாட்டம் | மாட்டார். சூழலை மாற்ற வேண்டும் |
| ஹெர்சி, பிளான்சார்ட் (1969) | ஊழியரின் திறனும் விருப்பமும் | சொல்லுதல், இணங்கவைத்தல், பங்கேற்கவைத்தல், ஒப்படைத்தல் | மாற்றுவார் |
| ஹவுஸ் (1971) | ஊழியரின் இயல்பு, வேலையின் தன்மை | வழிகாட்டல், ஆதரவு, பங்கேற்பு, சாதனை நாட்டம் | மாற்றுவார் |
| வ்ரூம், யெட்டன் (1973) | முடிவின் தரம், ஊழியர் அதை ஏற்பார்களா என்பது | தனியே முடிவெடுப்பது முதல் குழுவாக முடிவெடுப்பது வரை ஐந்து | மாற்றுவார் |

இதில் கடைசி நிரலைத்தான் முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். மற்ற மூவரும் தலைவர் தன் பாணியை மாற்றிக்கொள்ள முடியும் என்கிறார்கள். ஃபீட்லருக்கோ பாணி என்பது ஒருவரின் இயல்போடு ஒட்டியது.

அதை அளக்க அவர் எல்.பி.சி. என்ற அளவுகோலைப் பயன்படுத்தினார். இதுவரை சேர்ந்து வேலை செய்தவர்களில் யாரோடு வேலை செய்வது உங்களுக்கு மிகச் சிரமமாக இருந்ததோ அவரை நினைத்துக்கொண்டு, 'இனிமையானவர் – இனிமையற்றவர்' போன்ற ஒவ்வொரு இணைக்கும் 1 முதல் 8 வரை மதிப்பெண் போட வேண்டும். அப்படிப்பட்டவருக்கும் தாராளமாக மதிப்பெண் தருபவர் உறவு நாட்டம் கொண்டவர். குறைத்துப் போடுபவர் பணி நாட்டம் கொண்டவர். மதிப்பெண் சக ஊழியருக்குப் போடப்பட்டாலும், அளக்கப்படுவது போடுபவரின் மனப்போக்கு. இதைத் தலைகீழாக எழுதிவிட்டால் அடுத்து வரும் விடை முழுவதும் தவறிப்போகும்.

இப்போது ஒரு கேள்வி. ஒரு தொழிற்சாலைப் பிரிவுக்குக் கண்டிப்பான புதிய மேற்பார்வையாளர் வருகிறார். வேலை அன்றாடம் ஒரே மாதிரியானது, படிப்படியாக வரையறுக்கப்பட்டது. தண்டிக்கவும் ஊக்கத்தொகைக்குப் பரிந்துரைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தொழிலாளர்களுக்கு வேலை நன்றாகத் தெரியும், ஆனால் அவரைப் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஃபீட்லரின் வழியில் மூன்று கூறுகளையும் வரிசையாகப் பார்ப்போம். உறவு மோசம், வேலை தெளிவு, அதிகாரம் வலிமை. எட்டுக் கட்டங்களில் இது ஐந்தாவது. அதாவது தலைவருக்கு ஓரளவு மட்டும் சாதகமான சூழல். பணி நாட்டமுள்ளவர் வெல்வது சூழல் மிகச் சாதகமாக இருக்கும் முதல் மூன்று கட்டங்களிலும், மிகப் பாதகமான எட்டாவதிலும்தான். இடையில் உள்ளவை உறவு நாட்டமுள்ளவருக்கு உரியவை. ஆகவே இவர் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

இங்கே "அவர் கனிவாக நடந்துகொள்ள வேண்டும்" என்று எழுதினால் அது ஃபீட்லரின் விடை ஆகாது. அவர் சொல்வது இரண்டே வழி: உறவு நாட்டமுள்ள வேறொருவரை அங்கே அமர்த்தலாம், அல்லது சூழலைத் திருத்தலாம். உதாரணமாக, அவரோடு ஒத்துப்போகும் ஆட்களைப் பிரிவில் சேர்த்து உறவைச் சீராக்கினால், ஐந்தாம் கட்டம் முதலாம் கட்டமாகிவிடும். அங்கே இதே கண்டிப்பான மனிதர் சிறப்பாகச் செயல்படுவார்.

இதே நிகழ்வை ஹெர்சி, பிளான்சார்டிடம் கொண்டுபோனால் அவர்கள் தொழிலாளர்களைத்தான் பார்ப்பார்கள். திறன் இருக்கிறது, விருப்பம் இல்லை. எனவே பங்கேற்கவைக்கும் பாணி. ஹவுஸ் வேலையைப் பார்ப்பார். பாதை ஏற்கெனவே தெளிவாக இருக்கும்போது மேலும் வழிகாட்டுவது எரிச்சலைத்தான் கூட்டும். சலிப்பான வேலைக்கு ஆதரவுப் பாணியே துணை. மூன்று விடைகளும் மனித உறவின் பக்கமே சாய்கின்றன. காரணங்கள்தான் வேறு வேறு. நல்ல மதிப்பெண் வேண்டுமென்றால் பாணியின் பெயரோடு அந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.

குறைகளைக் கேட்டால் பொதுவாக எழுதாமல் கோட்பாட்டோடு சேர்த்து எழுத வேண்டும். எல்.பி.சி. உண்மையில் எதை அளக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. நடுத்தர மதிப்பெண் பெறுபவரைப் பற்றி ஃபீட்லரின் மாதிரி தெளிவாக எதுவும் சொல்வதில்லை. ஹெர்சி, பிளான்சார்டின் மாதிரி பயிற்சி வகுப்புகளில் மிகவும் புகழ்பெற்றது என்றாலும், அதற்குக் கிடைத்த ஆய்வு ஆதரவு குறைவு. வ்ரூம், யெட்டன் முறையில் வரிசையாகப் பல கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவசரமாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அதற்கு நேரம் இருக்காது.